சனிக்கிழமை குவார்ட்டரும் குறையாத தொப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி கொடுக்கிறேன். இங்கே பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம், அதனால் குடியும் பெரும்பாலும் சனிக்கிழமைதான். எடை குறைக்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாரம் பூரா டயட்ல இருக்கேன், சனிக்கிழமை மட்டும் ஒரே ஒரு குவார்ட்டர். அதுக்காகவா எடை இறங்காம நிக்குது?

பல பேருக்கு அதேதான் காரணம், ஆனால் குவார்ட்டர் மட்டுமே காரணம் இல்லை. என்னிடம் வந்த ஒருவருடைய கணக்கை அப்படியே சொல்கிறேன். பேக்கிங் சூப்பர்வைசர், 34 வயது, 82 கிலோ. மூன்று மாதமாக ராத்திரி சப்பாத்தி, காலையில் ஒரு மணி நேரம் நடை, டீயில் சர்க்கரை கிடையாது. எடை மட்டும் 82லேயே நின்றது. பொய் சொல்கிற ஆள் இல்லை, ஒரு வாரம் தின்றதையும் குடித்ததையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வந்தார்.

அவர் உடம்புக்கு ஒரு நாளைக்குச் சுமாராக 2300 கலோரி தேவை. திங்கள் முதல் வெள்ளி வரை 1850 சாப்பிட்டார், அதாவது நாளுக்கு 450 குறைவு, ஐந்து நாளில் 2250. அருமையான வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வரை சாப்பிட்டது 1300. அப்புறம் ஒரு குவார்ட்டர் பிராந்தி 425, மிக்ஸிங்குக்குக் கோலா 400 மில்லி 170, மிக்சரும் மசாலாக் கடலையும் சேர்த்து 100 கிராம் 550, ஒரு பிளேட் சிக்கன் 65 ஏறக்குறைய 350, கிளம்பும்போது சால்னாவோடு இரண்டு பரோட்டா 750. மொத்தம் 2245. அந்த ஒரு நாள் 3545, தேவையைவிட 1245 அதிகம். ஞாயிற்றுக்கிழமை லேட்டாக எழுந்து, மத்தியானம் பிரியாணியும் ஒரு பீரும், ராத்திரி டிபன் என்று 2800 ஆகிவிட்டது, அதிலும் 500 அதிகம்.

இப்போது கழித்துப் பாருங்கள். ஐந்து நாள் சேர்த்த 2250இல் 1745 இரண்டு நாளில் போய்விட்டது. மிச்சம் 505. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி வேண்டும் என்று வைத்தால், அந்த வாரம் அவர் குறைத்தது 65 கிராம். மாதத்துக்குக் கால் கிலோ. எடைமெஷினில் அது கண்ணுக்கே தெரியாது, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மறைந்துவிடும். ஏழு நாளும் அதே 450 குறைவாக இருந்திருந்தால் வாரத்துக்கு 400 கிராம் குறைந்திருக்கும்.

சாராயம் மட்டும் என்று பார்த்தால் குவார்ட்டரும் பீரும் சேர்த்து 750 சொச்சம்தான். அதோடு கூடவே வந்ததுதான் பெரிய தொகை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குறைக்கும்போது எங்கே கை வைப்பது என்பது இதிலிருந்துதான் வரும்.

குவார்ட்டர் 425 கலோரின்னு எப்படிச் சொல்றீங்க? பாட்டில்ல அப்படி எதுவும் போடலையே?

பாட்டிலில் கலோரி பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று கட்டாயம் இருக்கும். அது போதும். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. ஒரு கிராம் சர்க்கரையிலும் அரிசி மாவிலும் 4, எண்ணெயில் 9. அதாவது சாராயம் எண்ணெய்க்குக் கொஞ்சம்தான் கீழே. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதையும் கணக்கில் சேர்த்தால் ஒரு சுருக்குவழி கிடைக்கும்: மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.055ஆல் பெருக்குங்கள். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் வழக்கமாக 42.8 சதவீதம். 180 × 42.8 × 0.055 என்றால் 424 வரும்.

இதே கணக்கில் 90 மில்லி கட்டிங் 210 சொச்சம், 60 மில்லி லார்ஜ் 140, 30 மில்லி ஸ்மால் 70. பிராந்தி சூடு, ரம் குளிருக்கு, ஓட்கா தொப்பை போடாது என்றெல்லாம் சொல்வார்கள். சதவீதம் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றிலும் கலோரி ஒன்றுதான். நிறமும் வாசனையும்தான் வேறு.

விஸ்கில சர்க்கரையும் இல்ல, கொழுப்பும் இல்ல. அப்புறம் எப்படி அது தொப்பையா மாறும்?

நேராக மாறுவது ரொம்பக் கொஞ்சம். நீங்கள் கேட்பது நியாயமான சந்தேகம்தான். சாராயம் அப்படியே கொழுப்பாகி வயிற்றில் ஒட்டுவதில்லை. அது செய்வது வேறு வேலை: ஏற்கெனவே இருக்கும் கொழுப்பை எரிய விடாமல் நிறுத்தி வைக்கிறது.

மாவுச்சத்தைச் சேமிக்க உடம்பில் தசையும் ஈரலும் இருக்கின்றன, கொழுப்பைச் சேமிக்கத் தொப்பை இருக்கிறது, ஆல்கஹாலைச் சேமிக்க மட்டும் எந்த இடமும் கிடையாது. அதனால் உள்ளே போனதும் உடம்பு அதைத்தான் முதலில் தீர்க்கப் பார்க்கும். ஈரல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது நஞ்சு, உடனே அதை அசிட்டேட்டாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அந்த அசிட்டேட்டைத் தசைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். கையில் புது எரிபொருள் இருக்கும்போது பழைய கொழுப்பை எதற்குத் தொட வேண்டும்? 1999இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷனில் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய 70 மில்லி. குடித்ததில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் அடுத்த சில மணி நேரத்துக்கு உடம்பு கொழுப்பை எரிப்பது 73 சதவீதம் குறைந்தது.

ஒரு குவார்ட்டரில் சுமார் 61 கிராம் ஆல்கஹால். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்தான் தீர்க்கும், அதை அவசரப்படுத்த எலுமிச்சைச் சாறோ மோரோ எதுவும் உதவாது. அப்படியென்றால் எட்டு மணிக்கு ஆரம்பித்தவருக்கு விடியும்வரை இந்த வேலைதான் ஓடும். அந்த நேரத்தில் உள்ளே போன பரோட்டாவின் எண்ணெயும் சிக்கன் 65இன் எண்ணெயும் எரிய வாய்ப்பில்லாமல் நேராகச் சேமிப்புக்குப் போகும். தொப்பை வந்தது பரோட்டாவிலிருந்துதான், ஆனால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது சாராயம்.

இன்னொன்று தூக்கம். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பின்னிரவில் உடைந்து உடைந்து போகும், மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பீர்கள். அரைகுறைத் தூக்கத்துக்கு அடுத்த நாள் உடம்பு உப்பும் எண்ணெயும் கேட்கும், நடக்கவும் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி அளவு மீறிப் போவது பாதி இதனால்தான்.

அப்ப பீருக்கு மாறிடவா? லைட்டு தானே?

ஒரே ஒரு பாட்டிலோடு நிறுத்துபவருக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 7, 8 சதவீதம் இருக்கும், அதில் சாராயத்தின் கலோரியும் மால்ட்டிலிருந்து வரும் மாவுச்சத்தும் சேர்த்து 330 முதல் 350 வரை வரும். 5 சதவீத சாதா பீர் என்றால் 260 பக்கம். ஆனால் குவார்ட்டர் அடித்துப் பழகியவர் ஒரு பீரில் நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு ஸ்ட்ராங் பீர் போனால் 700, ஆல்கஹாலும் குவார்ட்டரைத் தாண்டிவிடும். லைட்டு என்று சொல்வது தொண்டையில் எரியாததால் மட்டுமே.

மிக்ஸிங் விஷயம் இதைவிட முக்கியம். கோலா 100 மில்லிக்கு 40 கலோரிக்கு மேல். சோடா, தண்ணீர் இரண்டிலும் பூஜ்யம். சர்க்கரை இல்லாத கோலா ஊற்றலாமே என்று கேட்பார்கள். கலோரி குறையும், அது உண்மைதான். ஆனால் சர்க்கரை இல்லாத பானம் வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்குவதால் போதை சட்டென்று ஏறும், இனிப்பாக இருப்பதால் குடிப்பதும் வேகமாக நடக்கும். சோடாவும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து மெதுவாகக் குடிப்பது மேல்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டா கணக்கு நேராயிடாதா?

காகிதத்தில் நேராகும், பிளேட்டில் ஆகாது. வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் நேரே சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் வேகமாக ஏறிவிடும். முதல் அரை மணி நேரத்திலேயே நிதானம் போய்விட்டால், "போதும்" என்று சொல்ல வேண்டிய ஆளே அங்கே இருக்க மாட்டார். அதற்கு மேல் பசியும் சேர்ந்து கடலைத் தட்டு காலியாகும், பத்து மணிக்கு இரண்டு பரோட்டா நான்காகும். மேலே சொன்ன பேக்கிங் சூப்பர்வைசரும் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பார்த்தார். மத்தியானம் மிச்சம் பிடித்தது 500, ராத்திரி கூடுதலாகப் போனது 800.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. ஆல்கஹாலைத் தீர்க்கும் வேலையில் இருக்கும்போது ஈரலால் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு அனுப்ப முடியாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் ரத்தச் சர்க்கரை நடு ராத்திரியில் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல் எல்லாம் போதை மாதிரியே தெரிவதால் வீட்டில் இருப்பவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். பயமே அதில்தான். மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் குடிப்பழக்கத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஞாயித்துக்கிழமை காலைல ஏறி நின்னா ஒரு கிலோ கம்மியா காட்டுது. அப்ப குடிச்சா எடை குறையுதுதானே?

அது தண்ணீர். சிறுநீர் அதிகம் போகாமல் பிடித்து வைக்கும் ஹார்மோன் ஒன்று மூளையிலிருந்து வரும், ஆல்கஹால் அதை அடக்கிவிடும். அதனால்தான் இரண்டாவது பெக்குக்கு அப்புறம் அடிக்கடி எழுந்து போகிறீர்கள். காலையில் ஒரு கிலோ குறைவாகக் காட்டுவதும் வாய் வறள்வதும் ஒரே காரணத்தால்.

அப்புறம் நேர்மாறாக ஒன்று நடக்கும். கடலையிலும் சால்னாவிலும் போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைப்பதால் திங்கள், செவ்வாயில் எடை ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து செவ்வாய்க்கிழமை பட்டினி கிடப்பார்கள், புதன் வியாழனில் தண்ணீர் தானாக இறங்கும், பட்டினி வேலை செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள், சனிக்கிழமை திரும்ப ஆரம்பிக்கும். இந்தச் சுற்றில் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

அதனால் வாரக் கடைசியில் குடிப்பவர்கள் வெள்ளிக்கிழமை காலையில், கழிவறை போய்விட்டு வந்து, ஒன்றும் சாப்பிடாமல் எடை பாருங்கள். வெள்ளிக்கு வெள்ளி ஒப்பிட்டால் மட்டுமே அர்த்தம் இருக்கும். கூடவே தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சு விட்ட நிலையில் இடுப்பளவு எடுங்கள்.

தினமும் குடிக்கிறேன். எடை குறைக்கணும்னு இந்த வாரமே சுத்தமா நிறுத்திடலாம்னு இருக்கேன். சரியா?

தயவு செய்து இதை நிதானமாகப் படியுங்கள். தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று பல மாதமாகக் குடிப்பவர், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவர், வியர்த்துப் படபடக்கிறவர் யாராக இருந்தாலும் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அந்த உடம்பு ஆல்கஹாலுக்கு ஈடுகொடுத்தே பழகிவிட்டது. நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் குழப்பமும் இல்லாதது தெரிவதும் வரலாம், உயிருக்கே ஆபத்து. இது மனத் திடம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, மருத்துவம் சம்பந்தப்பட்டது. மாத்திரை கொடுத்து ஒரு வாரத்தில் பாதுகாப்பாக இறக்கிவிடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதைப் பார்க்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் செய்து கேளுங்கள், அது அரசின் இலவச மனநல உதவி எண்.

கீழே நான் சொல்லும் படிகள் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் குடிப்பவர்களுக்கானவை. ஈரல் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இதில் சேர மாட்டார்கள். அவர்களுக்குக் குறைப்பது என்பதே கிடையாது, வேண்டவே வேண்டாம்.

சரி, வாரக் கடைசி மட்டும்தான். ஒரேயடியா விட முடியாது. எப்படிக் குறைக்கிறது?

அந்தச் சூப்பர்வைசரோடு சேர்ந்து செய்ததையே சொல்கிறேன். முதலில் குடியின் அளவில் கையே வைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் மாற்றியது இரண்டுதான். கோலா போய் சோடாவும் தண்ணீரும் வந்தது. அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே, குடிக்கப் போவதற்கு முன்னால் முடித்துவிட்டார்: நான்கு இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை. ஏறக்குறைய 500, 600 கலோரி. எனக்குத் தெரிந்து இதுதான் எல்லாவற்றிலும் பலன் அதிகமுள்ள மாற்றம். முட்டையோ மீனோ பருப்போ வயிற்றில் இருந்தால் போதை மெதுவாக ஏறும், கடலைத் தட்டுக்கு வேலை குறையும், கிளம்பும்போது பரோட்டாக் கடையில் வண்டி தானாக நிற்காது. முதல் சனிக்கிழமை பழக்க தோஷத்தில் ஒரு பரோட்டா சாப்பிட்டார், இரண்டாவது சனிக்கிழமை நேராக வீட்டுக்குப் போனார். சைட் டிஷ்ஷாக மிக்சருக்குப் பதில் வெள்ளரிக்காய், சுண்டல். சிக்கன் வேண்டுமென்றால் பொரிக்காத பெப்பர் சிக்கன்.

மூன்றாம், நான்காம் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பீரை நிறுத்தினார். குடிக்கிற நாளை இரண்டிலிருந்து ஒன்றாக்குவது, ஒரே நாளில் அளவைப் பாதியாக்குவதைவிடச் சுலபம், ஏனென்றால் அந்த ஞாயிறு பீர் பெரும்பாலும் ஹேங்ஓவருக்கு மருந்து என்ற பெயரில் உள்ளே வருவது. அது மருந்தும் இல்லை. தலைவலியைச் சில மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மத்தியானப் பிரியாணியை அவர் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

ஐந்தாம் வாரத்தில்தான் குவார்ட்டருக்கு வந்தோம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 180 மில்லி என்பது உங்கள் உடம்பு கேட்ட அளவு இல்லை, பாட்டில் கம்பெனி தீர்மானித்த அளவு. மூடியைத் திருகிவிட்டால் மிச்சம் வைப்பது யாருக்கும் பழக்கமில்லை. அதனால் "குறைவாகக் குடிக்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குவார்ட்டர் வாங்கினால் தோற்றுப்போவீர்கள். அவர் 30 மில்லி அளவு கோப்பை ஒன்று வாங்கினார், பாத்திரக் கடையில் கிடைக்கும். கண்ணால் பார்த்து ஊற்றினால் அறுபது என்று நினைப்பது எண்பது, தொண்ணூறு இருக்கும், அளந்து பார்த்த அன்றைக்கு அவரே அசந்துபோனார். முதல் இரண்டு வாரம் 120, அடுத்த இரண்டு வாரம் 90. மிச்சம் எங்கே போனது? நண்பர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார், இருவருக்கும் ஒரு குவார்ட்டர், ஆளுக்கு ஒரு கட்டிங். 120 குடித்த வாரங்களில் நண்பர் 60.

ஆரம்பிக்கும் நேரத்தையும் தள்ளினார். முன்னால் ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவார், இப்போது சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுவதால் இன்னொரு ரவுண்டு போக நேரம் இருக்காது. கடை மூடுமே என்று முன்னாலேயே இன்னொன்று வாங்கி வண்டியில் வைப்பது மட்டும் கூடாது. எட்டு வாரத்தில் அவர் ஒரே ஒரு தடவை தவறியது அப்படித்தான்: ஆறாம் வாரம், தீபாவளி போனஸ் வந்த சனிக்கிழமை.

ஒன்பதாம் வாரத்திலிருந்து ஒரு சனி விட்டு ஒரு சனி. விட்ட சனிக்கிழமைகளில் சும்மா வீட்டில் உட்கார்ந்தால் கை பரபரக்கும் என்று அவரே சொன்னார், அதனால் அன்றைக்கு மட்டும் மகனோடு ஷட்டில் விளையாடப் போகிறார்.

வண்டி விஷயம்: 90 மில்லிதானே என்று ஓட்டாதீர்கள். அந்த அளவே பலருக்கும் சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டிவிடும்.

ஃப்ரெண்ட்ஸ் விடமாட்டேங்கிறாங்க. கம்பெனி குடுக்கலைன்னா கோவம் வேற. என்ன பண்றது?

டயட் என்று சொல்லாதீர்கள், அது விவாதத்தை ஆரம்பித்து வைக்கும். "ஒரு நாள்ல என்ன ஆயிடும்" என்று பத்து நிமிஷம் பேசுவார்கள். டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார் என்றோ, ஈரல் டெஸ்ட் எடுக்கப் போகிறேன் என்றோ சொன்னால் பேச்சு அங்கேயே முடியும். சொல்வது உண்மையாகவும் இருக்கட்டும், 30 தாண்டி இடுப்பு பெருத்தவர்கள் ஈரலையும் ட்ரைகிளிசரைடையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லதே.

மேசையில் செய்யக்கூடியது ஒன்று: உங்கள் கிளாஸ் காலியாக இருக்கவே கூடாது. காலிக் கிளாஸைப் பார்த்தால்தான் ஊற்றுவார்கள். முதல் பெக் முடிந்ததும் அதே கிளாஸில் வெறும் சோடாவை நிரப்பி எலுமிச்சைத் துண்டு போட்டு வையுங்கள். அடுத்தவர் உங்கள் கிளாஸில் ஊற்றவும் விடாதீர்கள், அளவு உங்கள் கையில் இருக்க வேண்டும். எல்லாரும் பணம் போட்டு ஃபுல் வாங்கும் கூட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் யார் எவ்வளவு குடித்தார் என்பது யாருக்குமே தெரியாது. குறைக்கிற எட்டு வாரமும் அந்தக் கூட்டத்தில் மட்டும் சாப்பிடப் போங்கள், பங்குப் பணத்தைச் சாப்பாட்டுக்குக் கொடுங்கள்.

காலைல கூட ஒரு மணி நேரம் ஓடிட்டா குடிச்சது கரைஞ்சிடாதா?

82 கிலோ ஆள் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் 300 கலோரி வரும். ஒரு குவார்ட்டருக்கே ஒன்றரை மணி நேரம், கூட வந்த கடலைக்கும் பரோட்டாவுக்கும் இன்னும் நான்கு மணி நேரத்துக்கு மேல். நடக்க முடியாது என்றில்லை, யாரும் நடப்பதில்லை. அதோடு முந்தின ராத்திரி குடித்தவர் உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும், இதயத் துடிப்பு கூடியிருக்கும், அந்த நிலையில் வெயிலில் ஓடுவதையோ கனமான வெயிட் தூக்குவதையோ நான் என் கூடத்தில் அனுமதிப்பதில்லை. ஞாயிறு சும்மா நடங்கள், திங்கள்கிழமை பயிற்சிக்கு வாருங்கள்.

குறைச்சா எத்தனை நாள்ல தெரியும்?

தூக்கம் முதல் வாரத்திலேயே தெரியும், ஞாயிற்றுக்கிழமைக் காலை தலை தெளிவாக இருக்கும். எடை மெதுவாகத்தான். அந்தச் சூப்பர்வைசருடைய எட்டாவது வாரக் கணக்கு இது: சனிக்கிழமை பகலில் 1300, வீட்டு இட்லியும் முட்டையும் 600, 90 மில்லி 213, சுண்டலும் வெள்ளரியும் 200. மொத்தம் 2313, அன்றைக்குத் தேவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஞாயிறு பிரியாணியோடு 2100. ஐந்து நாள் சேர்த்த 2250 அப்படியே நின்று, ஞாயிறு 200ம் கூடச் சேர்ந்தது. வாரத்துக்கு 300 கிராமுக்குக் கொஞ்சம் மேல். முன்னால் 65 கிராம்.

வார நாட்களில் அவர் சாப்பாட்டை ஒரு கலோரிகூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நான்கு வெள்ளிக்கிழமை எடைமெஷினில் பெரிதாக எதுவும் தெரியவில்லை, அரைக் கிலோதான், நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டார். பன்னிரண்டாம் வெள்ளி 79ஐத் தொட்டார், இடுப்பு 98 சென்டிமீட்டரிலிருந்து 94. ஆண்களுக்கு 90க்குக் கீழே வர வேண்டும் என்பதால் இன்னும் நான்கு சென்டிமீட்டர் பாக்கி. இப்போது மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு கட்டிங் என்று போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து அதையும் மாதத்துக்கு ஒன்றாக்கலாமா என்று போன வாரம் அவராகவே கேட்டார். ஆக்குங்கள் என்றேன்.